ஐவி ரேங்க் 75 இருந்தால் விற்கலாமா? 2024 ஜூன் 3 கணக்கு

கரூர்வேலன்: "ஐவி ரேங்க் 50-க்கு மேல் போனால் நிகழ்வுக்கு முன் ஆப்ஷனை விற்கணும், வாங்குகிறவன் ஏமாளி" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். 2024 ஜூன் 3 மாலை நிஃப்டியில் ஸ்ட்ராடில், அதாவது காலும் புட்டும் சேர்த்து, விற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மறுநாள் தேர்தல் முடிவு வந்து 5.93 சதவீதம் விழுந்தது.

மணிமாறன்: எழுதியது நான்தான். ஆப்ஷன் விலையில் தெரியும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்புதான் ஐவி, நிஃப்டிக்கு அதைக் காட்டும் விக்ஸ் அன்று 20.9. ஒரு வருடக் குறைவு சுமார் 10, உச்சம் 24.5. இந்த இரண்டுக்கும் நடுவே அன்றைய விக்ஸ் எத்தனை சதவீத உயரத்தில் நிற்கிறது என்பதே ரேங்க், அது 75. ஒரு நாள் அடிபட்டால் விதி தப்பாகிவிடாது.

தாமரைச்செல்வி: 75 சரிதான் சார். போன வருடத்தோடு பார்த்தால் விலை கூடுதல் என்று மட்டும்தான் அது சொல்லும். விக்ஸ் 30 நாளுக்கான கணக்கு. மற்ற 20 வர்த்தக நாளும் 13 என்ற அமைதி நிலையில் போகும், கூடுதல் பயம் முழுக்க ஜூன் 4-ல்தான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் சுமார் 4.8 சதவீத நகர்வு வருகிறது. விழுந்தது 5.93. அப்படியானால் சந்தை அவ்வளவு அதிகமாக ஒன்றும் விலை வைக்கவில்லை.

மணிமாறன்: 13 எங்கிருந்து வந்தது? நீங்களாக வைத்தது. 75 திரையில் இருந்தது.

தாமரைச்செல்வி: சரி, 15 வையுங்கள். 4.3 வரும். அப்போதும் விற்றவருக்கு நட்டம்தான்.

கோவைவாசி: நான் ஒரு ஐடி பங்கில் ரிசல்ட்டுக்கு முதல் நாள் காலும் புட்டும் சேர்த்து 64 ரூபாய்க்கு வாங்கினேன். பங்கு 1,500. மறுநாள் 45 ரூபாய் ஏறியது. கையில் மிஞ்சியது 52. ரேங்க் வெறும் 30 என்றுதான் வாங்கினேன்.

மணிமாறன்: பாருங்கள், வாங்கினால் இதுதான் கதி.

கரூர்வேலன்: அவர் சொன்னது 30. உங்கள் விதிப்படி அது வாங்க வேண்டிய இடம். போன பட்ஜெட்டிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள், மறக்கவில்லை.

மணிமாறன்: பட்ஜெட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று நீங்கள்தான் பாதியில் ஓடினீர்கள்.

தாமரைச்செல்வி: சண்டையை விடுங்கள். கோவைவாசி, ஏதோ ஒரு மாதம் உங்கள் பங்கின் ஐவி எகிறியிருக்கலாம். அந்த ஒரு உச்சம் வருடம் முழுக்கக் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். நிஃப்டியிலும் அதுதான் நடந்தது. ஜூன் 4 அன்று விக்ஸ் 26.7-ல் முடிந்தது. அதுவரை விக்ஸ் 18 என்றால் ரேங்க் 55. அதற்குப் பிறகு அதே 18-க்கு 48. ஒரே விலையை அன்று வில் என்கிறது, இன்று வாங்கு என்கிறது. ரிசல்ட்டுக்கு முன் ரேங்கைப் பார்க்காமல், ஸ்ட்ராடில் விலை பங்கு விலையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உங்களுக்கு 4.3. முந்தைய ரிசல்ட் நாட்களில் பங்கு எவ்வளவு நகர்ந்தது என்பதோடு அதை ஒப்பிடணும்.

கோவைவாசி: பெரும்பாலும் 3-ஐத் தாண்டியதில்லை.

மணிமாறன்: அப்போது விற்பதுதான் சரி என்றாகிறது. நானும் அதைத்தானே சொன்னேன்?

கரூர்வேலன்: நீங்கள் சொன்னது 50-க்கு மேல்.

மணிமாறன்: 75-உம் 50-க்கு மேல்தான். ஜூன் 5 அன்று விக்ஸ் 19-க்கு இறங்கியதே, அதை ஏன் யாரும் பேசவில்லை?

தாமரைச்செல்வி: அதற்குள் 4-ஆம் தேதியே மார்ஜின் போதாமல் வெளியேற வேண்டி வந்திருக்கும் சார்.

மணிமாறன்: என் ஆட்கள் வெளியேறவில்லை.