புதுப்பிப்பு: நாலு வார ரிவிஷன், ஒரே ஸ்டீல்

முன்பு கேட்டது: "மெட்டீரியல் சயின்ஸ் ஃபைனலுக்கு நாலு வாரம்தான். கட்டமைப்பு, வெப்ப இயக்கவியல், இயந்திரப் பண்புகள் மூன்றுக்கும் வாரம் ஒன்று, கடைசி வாரம் பழைய வினாத்தாள். சரி வருமா?"

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வாரக் கணக்கு மாறவில்லை. ஆனால் உலோகவியல் அண்ணன் சொன்னபடி, 0.4% கார்பன் ஸ்டீலையே மூன்று வாரமும் இழுத்துக்கொண்டு போகிறேன்.

முதல் வாரக் கேள்வி: ஆஸ்டினைட் 2.14% வரை கார்பனைத் தாங்கும்போது, ஃபெரைட் ஏன் 0.022%-லேயே நின்றுவிடுகிறது? BCC-யில் மொத்தக் காலியிடம் அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு இடைவெளியும் சின்னது.

இரண்டாம் வாரம் லீவர் விதி. 727°C-க்குச் சற்றுக் கீழே, மெதுவாகக் குளிர்ந்தால்:

பெர்லைட் = (0.40 − 0.022) / (0.76 − 0.022) ≈ 0.51

ஒரு நண்பர் "5.7%தானே வரும்?" என்றார். அவர் கணக்கு சரி, ஆனால் அது மொத்த சிமென்டைட்; வகுக்கும் இடத்தில் 6.70 போட்டிருக்கிறார். கேள்வியில் பெர்லைட்டா சிமென்டைட்டா என்று முதலில் பார்த்தால் போதும், எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் வாரம் அந்த 51%-தான் வலிமைக்கு ஆரம்பம். வேகமாகக் குளிர்த்தால் பெர்லைட் அடுக்குகள் நெருங்கும், யீல்டு வலிமை ஏறும்.

பாலிமர் பேப்பருக்கு இதே திட்டமா என்று கேட்டவருக்கு: இது உலோகப் பேப்பருக்கு மட்டும்.

டிஃப்யூஷனை இரண்டாம் வாரத்தில் வைப்பதா மூன்றிலா என்பதுதான் இன்னும் இழுபறி. அண்ணன் இரண்டு என்கிறார். க்ரீப்போடு சேர்த்துப் படிக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.