ஒரே வாக்கியம் மட்டும் உள்ள ஸ்லைடு: அழுத்தமா, அரைகுறையா?

தறிநாடா: பதினெட்டு ஸ்லைடில் ஏழாவதில் ஒரே வரிதான், போல்டில்: "மூன்றில் ஒரு வாடிக்கையாளர் முதல் மாதத்திலேயே போய்விடுகிறார்". மற்றபடி வெறும் வெள்ளை. மேலாளர் பார்த்துவிட்டு "இதை இன்னும் முடிக்கலையா?" என்கிறார். வெற்றிடத்தை வேண்டுமென்றே விட்டேன் என்று பார்த்தவுடன் தெரிய என்ன செய்வது?

பளிச்: நடுவில் வைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள், பின்னால் ஒரு படம். முடிந்தது வேலை.

வெண்பலகை: படத்தைப் போட்டால் அப்புறம் வெற்றிடம் எங்கே இருக்கிறது? தறிநாடா, அந்த வரி ஸ்லைடின் மேல்பக்கம், வழக்கமாகத் தலைப்பு வரும் இடத்தில்தானே இருக்கிறது?

தறிநாடா: ஆமாம். PowerPoint-இல் Title and Content லேஅவுட்டை எடுத்து, கீழே இருந்த பெட்டியை அழித்துவிட்டேன்.

வெண்பலகை: அதுதான் காரணம். மற்ற பதினேழு ஸ்லைடிலும் அந்த இடத்தில் தலைப்பைப் பார்த்துப் பழகியவர் இதையும் தலைப்பு என்றுதான் படிப்பார், படித்துவிட்டுக் கீழே விஷயத்தைத் தேடுவார், அங்கே ஒன்றும் இருக்காது. வெள்ளை அதிகமாக இருப்பதால் வந்த சிக்கல் இல்லை இது, வரி நிற்கும் இடத்தால் வந்தது.

Slide Master-இல் இதற்கென்று தனியாக ஒரு லேஅவுட் செய்துகொள்ளுங்கள். தலைப்புப் பெட்டி மட்டும் இருக்கட்டும், அதை நடு உயரத்துக்குச் சற்று மேலே இறக்குங்கள். அளந்து சரியாக நடுவில் வைத்தால் கண்ணுக்குக் கீழே சரிந்த மாதிரி தெரியும். இடது விளிம்பு மற்ற ஸ்லைடுகளின் விளிம்போடு ஒட்ட வேண்டும். பக்க எண், லோகோ எல்லாம் வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும், அவை இருந்தால்தான் இதுவும் அதே தொகுப்பில் முடித்து வைத்த பக்கம் என்று தெரியும். தலைப்புகள் 28 என்றால் இது 44 இருக்கட்டும். 32 வைத்தால் கை தவறிப் பெரிதான தலைப்பு போலத்தான் இருக்கும். Do not Autofit போட மறக்காதீர்கள், இல்லையென்றால் வரி நீளும்போது அதுவாகவே எழுத்தைச் சுருக்கிவிடும்.

பளிச்: நடுவில் வைப்பதில் என்ன தப்பு? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வெண்பலகை: நாலு சொல் வரிக்குச் சரி. இரண்டு மூன்று வரியாக உடைந்தால் இரண்டு ஓரமும் கோணலாகிவிடும், தமிழில் சொற்கள் நீளம் என்பதால் இன்னும் மோசம். உடைவதையும் அதன் போக்கில் விடக்கூடாது. இப்படி வந்தால் "முதல் மாதம்" இரண்டாகப் பிளக்கிறது:

மூன்றில் ஒரு
வாடிக்கையாளர் முதல்
மாதத்திலேயே போய்விடுகிறார்

Shift+Enter போட்டு நீங்களே உடையுங்கள்:

மூன்றில் ஒரு வாடிக்கையாளர்
முதல் மாதத்திலேயே போய்விடுகிறார்

பளிச்: உடைப்பது சரி. ஆனால் பின்னணி முழுக்க அடர்நிறமாக்கி நடுவில் வைத்தால் அரைகுறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நீங்கள் மறுக்க முடியாது.

வெண்பலகை: மறுக்கவில்லை, நிறம் மாறினாலே இது தெரிந்து செய்தது என்று புரிந்துவிடும். தொகுப்பில் ஒன்றோ இரண்டோ என்றால் நானும் செய்வேன். ஐந்தாறு இடத்தில் செய்தால் எதற்கும் அழுத்தம் இருக்காது.

மாலா_ஆர்: நான் பாடம் எடுப்பவள். ஒரு தாளில் ஆறு ஸ்லைடு அச்சடித்துக் கொடுப்பேன், இந்த ஒரு வரி ஸ்லைடுகளால் பாதித் தாள் வீணாகிறது. போல்ட் வேறு அப்பிக்கொண்டு ண, ன இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

வெண்பலகை: அம்மா, தாள் வீணாவதற்கு என்னிடம் வழி இல்லை. அப்புவதற்கு எழுத்துருதான் காரணமாக இருக்கும்: போல்ட் வடிவமே இல்லாத எழுத்துருவில் B-ஐ அழுத்தினால் மென்பொருள் கோட்டைச் சும்மா தடித்துவிடுகிறது, சுழிகள் அடைந்துபோகின்றன. நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய இரண்டு எழுத்துருக்களுக்கும் உண்மையான போல்ட் உண்டு. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள், மேல்வரியில் கீழே இறங்கும் உகரக் கோடு கீழ்வரியில் மேலே எழும் இகரக் கொக்கியில் இடிக்காது.

தறிநாடா: மாற்றிப் பார்த்தேன், திரையில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேலாளர் கூட்டத்துக்கு வரவே இல்லை, மெயிலில் அனுப்பிய பிடிஎஃப்பில்தான் பார்த்திருக்கிறார்.

வெண்பலகை: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பக்கத்தில் நின்று பேச ஆள் இல்லாதபோது அந்த வரி தனியாக நிற்காது. அனுப்பும் பிரதியில் அடியில் சின்ன எழுத்தில் ஒரே வரி: எந்தக் காலத்துக் கணக்கு, எதிலிருந்து எடுத்தது.

பளிச்: அடியில் எழுத ஆரம்பித்தால் அடுத்து ஒரு வரைபடமும் கேட்பார்கள். அனுப்பும் பிரதியில் அந்த ஸ்லைடையே எடுத்துவிட்டு, வாக்கியத்தை அடுத்த ஸ்லைடின் தலைப்பாக்குவதுதான் நல்லது.

வெண்பலகை: அப்படிச் செய்தால் கூட்டத்தில் ஒரு பக்க எண், மெயிலில் வேறு எண். "ஒன்பதாம் பக்கம் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் ஆளுக்கொரு பக்கத்தைத் திறப்பார்கள்.

பளிச்: எண் குழப்பத்தைச் சமாளிக்கலாம். வெறும் பக்கத்தைப் பார்த்து முகம் சுளிப்பவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.