எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்: 'நோப்' போட எவ்வளவு நேரம்?

வணக்கம் நண்பர்களே, எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் கார்டு விளையாட்டில் வந்த ஒரு பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு வேண்டும்.

அடுத்தவர் போடும் கார்டை ரத்து செய்யும் 'நோப்' கார்டை, அந்தச் செயல் தொடங்குவதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று விதி சொல்கிறது. தொடங்குவது என்றால் எது? அதைப் பற்றித் தாளில் பேச்சே இல்லை.

நேற்று மச்சான் 'சீ த ஃப்யூச்சர்' கார்டை வைத்த அதே நொடியில் கட்டின் மேலிருந்த மூன்று கார்டுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டான். தங்கை 'நோப்' போட்டாள். "பார்த்தாச்சு, செல்லாது" என்கிறான் அவன். "எனக்கு நேரமே தரலையே" என்கிறாள் அவள். இரண்டுமே நியாயம்தான். 'ஷஃபிள்' என்றால் கலைக்கும் கையைப் பிடித்து நிறுத்தலாம். பார்த்ததை எப்படி மறக்க வைப்பது? எடுப்பவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றக்கூடிய வெடிக்கும் பூனை எத்தனையாவது கார்டு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதே! கடைசியில் 'நோப்' செல்லும், ஆனால் கட்டைக் கலைத்துவிட வேண்டும் என்று முடித்தோம். எனக்கு அது திருப்தியாக இல்லை. முந்தைய ஆட்டக்காரர் பார்த்து வைத்திருந்த வரிசையும் வீணாகிவிட்டது.

இனிமேல் கார்டின் பெயரைச் சொல்லி மேசையில் வைத்து, இரண்டு எண்ணிய பிறகே கட்டைத் தொடலாம் என்று யோசிக்கிறேன். 'நோப்'புக்கு எதிராக இன்னொரு 'நோப்' வந்தால் மறுபடியும் இரண்டு எண்ண வேண்டும். அப்புறம் அடுத்தவரிடம் ஒரு கார்டு கேட்டு வாங்கும் 'ஃபேவர்' எங்கே தொடங்குகிறது? கொடுப்பவர் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதா, கைமாறும்போதா?

உங்கள் வீட்டில் எப்படி ஆடுகிறீர்கள்?