கொட்டகையைப் பிரித்தது நான், தீயோ அங்கே வரவே இல்லை

வாய்க்கால்கரை:
எங்கள் தெருவில் ஏழெட்டுக் கூரை வீடுகள், ஒன்றின் இறவாரம் இன்னொன்றை உரசும். போன வருஷம் சித்திரையில் ஒரு மதியம் கோடி வீட்டு அடுப்பிலிருந்து கூரை பற்றிக்கொண்டது. காற்று எங்கள் பக்கம். நடுவில் பெரியப்பா முறையாகும் ஒருவரின் மாட்டுக் கொட்டகை, உள்ளே வைக்கோல். அவர் டவுனுக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. 101-க்குச் சொல்லிவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, நானும் மூன்று பேரும் கட்டுகளை அறுத்துக் கீற்றைப் பிரித்துப் போட்டோம். வைக்கோலை வாய்க்காலில் தள்ளினோம். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பிவிட்டது. தீ மூன்று வீட்டோடு நின்றது.

சாயங்காலம் வந்தவர் கேட்டது ஒன்றுதான்: "தீயே வராத எடத்த ஏன்டா பிரிச்சே?" மறுநாள் ஸ்டேஷனில் மனு. பதினெட்டாயிரம் கேட்டார்.

ராஜபாளையத்தான்:
பயப்படாதீங்க. தற்காப்பு உரிமை இருக்கு. உயிர், சொத்து இரண்டுக்கும் பொருந்தும்.

பழைய குமாஸ்தா:
முப்பது வருஷம் வக்கீல் ஆபீஸில் இருந்தவன். தம்பி சொன்னது பாதி சரி. தற்காப்பு என்பது குற்றம் செய்கிறவனுக்கு எதிராக. அடுப்புத் தீ யார் செய்த குற்றம்? கொட்டகைக்காரர் என்ன தப்பு செய்தார்? இங்கே பேசுவது வேறு பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 81, 2024 ஜூலையிலிருந்து நியாய சன்ஹிதாவில் 19. பெருந்தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துத் தள்ளுகிற ஆளைத்தான் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. சேதம் வரும் என்று தெரிந்தே செய்திருந்தாலும், கெட்ட எண்ணம் இல்லாமல், அதைவிடப் பெரிய கேட்டைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை.

ஆனால் நல்லெண்ணம் என்றால் மனசு நல்ல மனசு என்பது போதாது. கவனமாக நடந்துகொண்டாரா என்று பார்ப்பார்கள். தீ எத்தனை அடியில் இருந்தது? தண்ணீர் ஊற்றி நனைத்தால் போதாதா? நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். போலீஸ் தரப்பு போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்று நம்பும்படி இருந்தால் போதும்.

வாய்க்கால்கரை:
எரிந்த வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு வீடு. அதன் கூரையிலும் பொறி விழுந்துவிட்டது. கைபம்பு ஒன்றுதான், நாலு குடம் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அவர் கேள்விக்கு இன்னும் பதில் இல்லையே ஐயா. தீ வரவில்லையே?

பழைய குமாஸ்தா:
அதற்கு ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு உண்டு, 1912-இல் தீர்ப்பு. வேட்டைக் காடு ஒன்றில் தீப்பிடித்தது. பறவைகளைக் காக்க அங்கிருந்த காவலாள், தீ வரும் வழியில் இருந்த புதரைத் தானே கொளுத்தி வெற்றிடம் உண்டாக்கினான். சற்று நேரத்தில் மற்றவர்கள் அசல் தீயை அணைத்துவிட்டார்கள். அவன் கொளுத்தாமலே இருந்திருக்கலாம். நிலத்துக்காரர் நஷ்ட ஈடு கேட்டார், கிடைக்கவில்லை. அந்த நேரத்தில், அந்த இடத்தில் நின்ற விவரமுள்ள ஆளுக்கு அது அவசியம் என்று பட்டிருக்குமா என்பதுதான் கேள்வி என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பிறகு காற்று திரும்பியது உங்கள் தப்பில்லை. தீயணைப்பு நிலைய அறிக்கைக்கு ஒரு நகல் வாங்கி வையுங்கள், நேரமும் எரிந்த வீடுகளும் அதில் இருக்கும்.

மாடிவீட்டு மீனா:
எனக்கும் இதே கதை! பூட்டியிருந்த எதிர்வீட்டில் கேஸ் வாடை, பூட்டை உடைத்தோம். பார்த்தால் கசிவு கீழ்வீட்டில். பூட்டுக்கும் கதவுக்கும் நான்தான் பணம் கொடுத்தேன்.

பழைய குமாஸ்தா:
கீழே போய்ப் பார்த்துவிட்டு உடைத்தீர்களா அம்மா?

மாடிவீட்டு மீனா:
இல்லை.

பழைய குமாஸ்தா:
அங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது. ஆனாலும் கேஸ் விஷயத்தில் படி இறங்கி ஏற நேரம் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

செல்வி_கடலூர்:
வைக்கோலுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

ராஜபாளையத்தான்:
சரி, குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். கொட்டகைக்காரருக்கு யார் கொடுப்பது? அவரும் ஒரு பாவமும் அறியாதவர்தானே.

பழைய குமாஸ்தா:
நல்ல கேள்வி. 19-ஆம் பிரிவு குற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறது, நஷ்ட ஈட்டைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் 1910-இல், புயலில் கப்பலைக் காக்கத் துறைமேடையில் கட்டிவைத்தவர், செய்தது சரியென்றாலும் மேடைச் சேதத்துக்கு 500 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. மேலே சொன்ன காவலாளோ ஒன்றும் கொடுக்கவில்லை. நம் ஊரில் சிவில் வழக்குக்குப் போனால் எந்தப் பக்கம் சாயும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

வாய்க்கால்கரை:
ஸ்டேஷனில் ரசீதோடு நின்றது. ஊரில் பேசி, கீற்றும் கூலியும் நாங்கள் நால்வர் போட்டோம். வைக்கோல் பணத்தைத் தப்பிய நாலு வீடும் பகிர வேண்டும் என்று முடிவு. மூன்று வீடு கொடுத்துவிட்டது. நாலாவது வீட்டுக்காரர், "எங்க வீட்டுக்குத்தான் தீயே வரலியே, நான் ஏன் கொடுக்கணும்?" என்கிறார்.