மையக்கோணம் டிகிரியா ரேடியனா: எங்கெல்லாம் மாட்டுது? உங்க அனுபவத்த சொல்லுங்க

அகிலா டீச்சர்:
பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறேன். சமீபத்துல ஒரு டெஸ்ட் பேப்பர் திருத்தும்போது பாத்தத சொல்றேன். ஆரம் 24 செ.மீ, மையக்கோணம் 75 டிகிரி, வில்லோட நீளமும் வட்டக்கோணப்பகுதியோட பரப்பும் கேட்டிருந்தேன். ஒரு பொண்ணு s = rθ னு அழகா எழுதிட்டு 24 × 75 = 1800 செ.மீ னு போட்டிருக்கா, அதாவது 18 மீட்டர்! முழு வட்டத்த சுத்தி வந்தாலே 150.8 செ.மீ தான் ஆகும், அதுல ஒரு துண்டு எப்படி 1800 வரும்? ஃபார்முலா சரி, பெருக்கலும் சரி, ஆனா அந்த θ ரேடியன்ல இருக்கணும்ங்கறது மட்டும் விட்டுப்போச்சு. 75 ஐ π/180 ஆல பெருக்கினா 1.309, அத 24 ஆல பெருக்கினா 31.42 செ.மீ. 90 டிகிரி இருந்தா கால் வட்டம், 37.7 வந்திருக்கும், 75 க்கு அதவிட கொஞ்சம் கம்மியா 31.42 னா பொருந்துது. பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்த ஒரு பார்வ பாத்திருந்தா அவளே பிடிச்சிருப்பா. உங்க பக்கம் எப்படி?

ரகு:
டீச்சர் இதுக்கு ஈஸியான வழி இருக்கே, கால்குலேட்டர ரேடியன் மோடுல போட்டுட்டா போதும், அதுவே பாத்துக்கும். என் தம்பிக்கும் இததான் சொல்லிக்குடுத்தேன்.

மூர்த்தி:
ரகு தம்பி, இத தயவுசெஞ்சு உங்க தம்பிகிட்ட மாத்தி சொல்லிடுங்க. 24 × 75 னு அடிச்சா எந்த மோடுல இருந்தாலும் 1800 தான் வரும், ஏன்னா அது வெறும் பெருக்கல், 75 ங்கறது கோணம்னு கால்குலேட்டருக்கு தெரியவே தெரியாது. மோடு வேல செய்யறது sin, cos, tan அழுத்தும்போது மட்டும்தான். வில் நீளத்துலயும் வட்டக்கோணப்பகுதி பரப்புலயும் அது எதுவுமே இல்ல, அதனால மாத்தற வேலைய நாமதான் கையால செய்யணும்.

நான் ரொம்ப வருஷம் டிராயிங் செக் பண்ற வேலைல இருந்தவன். கேட்டா, பெரிசா தப்பு போறத பத்தி எனக்கு கவலையே இல்ல, 1800 வந்தா யாரா இருந்தாலும் கண்ணுல படும். பாக்கறதுக்கு நியாயமா தெரியற தப்புதான் ஆபத்து, அந்த மாதிரி ஒண்ணு சொல்றேன். டீச்சரோட அதே 24, 75 ஐயே எடுத்துக்குவோம், இப்ப நாணுக்கும் வில்லுக்கும் நடுவுல இருக்கற வட்டத்துண்டோட பரப்பு வேணும்னு வைங்க. ½r²(θ − sin θ). ஒருத்தர் பொறுப்பா 75 ஐ 1.309 ஆ மாத்திட்டார், r² ல பாதி 288, எல்லாம் ஒழுங்கு, ஆனா கால்குலேட்டர் டிகிரி மோடுலயே கெடக்கு. sin(1.309) அழுத்தறார், அது 1.309 டிகிரின்னு எடுத்துக்கிட்டு 0.0228 னு குடுக்குது, விட 370.4 ச.செ.மீ. நெகட்டிவ் இல்ல, பூதாகரமா இல்ல, முழு வட்டக்கோணப்பகுதி 377 தானே, அதவிட கம்மியாவும் இருக்கு, அப்பறம் யாருக்கு சந்தேகம் வரும்? ஆனா நெஜமான விட 98.8 தான். 75 டிகிரிக்கு அந்த முக்கோணம் எவ்வளவு பெருசுன்னு ஒரு படம் கிறுக்கிப் பாத்தா போதும், 377 ல 278 அதுக்கே போயிடும், மிச்சம் ஒல்லியான பிறை மாதிரிதான் இருக்கும். நான் பாத்த ஒரு டிராயிங்ல இப்படித்தான் வட்டத்துண்டு கிட்டத்தட்ட வட்டக்கோணப்பகுதி அளவுக்கே வந்து நின்னுச்சு, கண்டுபிடிச்சது படத்த வெச்சுதான், எண்ண வெச்சு இல்ல.

ரகு:
ஓ, அப்ப மோடு sin க்கு மட்டும்தானா. சரி சார், ஆனா பரப்புல r² னு ஸ்கொயர் இருக்கறதால டிகிரிய அப்படியே போட்டா தப்பும் ஸ்கொயராகி இன்னும் மோசமா போகுமே?

மூர்த்தி:
ஸ்கொயர் ஆகறது ஆரம் மட்டும்தான் தம்பி, கோணம் ஒரே ஒரு தடவதான் வருது. அதனால டிகிரிய நேரா போட்டா நீளம் 57.3 மடங்கு தப்பும், பரப்பும் அதே 57.3 மடங்குதான். ½ × 576 × 75 போட்டுப் பாருங்க, 21600 வரும், அத 57.3 ஆல வகுத்தா 377. விட இப்படி அம்பது அறுபது மடங்கு தள்ளி இருந்தா வேற எங்கயும் தேட வேணாம், 180/π விட்டுப்போயிருக்கும். இதே மாதிரி ரேடியன் கோணத்த கொண்டுபோய் 360 ஆல வகுக்கற ஃபார்முலால போட்டா விட அதே மடங்கு சின்னதா போகும்.

அகிலா டீச்சர்:
சார், நான் பசங்களுக்கு இன்னொண்ணும் சொல்றேன், வில் நீளம் கைல இருந்தா பரப்புக்கு கோணமே வேணாம், ஆரத்தையும் வில்லையும் பெருக்கி பாதி எடுத்தா போதும். 24 × 31.42 ல பாதி, 377. வேற வழில போட்ட விடையும் அதேதானான்னு உடனே சரிபாத்துக்கலாம்.

செல்வி:
நான் ஸ்பிரெட்ஷீட் ஆளு. அங்க டிகிரி மோடே கெடையாது, SIN எப்பவும் ரேடியன்தான் எதிர்பாக்கும். =SIN(75) னு போட்டா −0.388 வரும், மைனஸ் வந்ததும் தெரிஞ்சுடும், ஆனா எல்லா கோணத்துக்கும் மைனஸ் வராது, சிலதுக்கு சாதுவா ஒரு எண் வந்து உக்காந்துக்கும். அதனால எங்க டீம்ல கோணம் இருக்கற காலத்துக்கு தலைப்புலயே அலகு எழுதுவோம், ஃபார்முலாவும் இப்படி:

```
=0.5*24^2*(RADIANS(75)-SIN(RADIANS(75)))
```

மூர்த்தி சார் சொன்ன அதே 98.8 வருது.

கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம், என் கேஸ் கொஞ்சம் வேற. அட்டைல கூம்பு மாதிரி விளக்கு மூடி செய்யறேன், அடி ஆரம் 12 செ.மீ, சாயுயரம் 30. கூம்போட முனைக் கோணம் 47 டிகிரின்னு கணக்கு போட்டு, அத வெச்சே வட்டக்கோணப்பகுதி வெட்டினா சுத்தி வர பத்தவே மாட்டேங்குது. ரேடியன்ல போட்டா சரியாகுமா?

அகிலா டீச்சர்:
ரேடியன் பிரச்சனையே இல்ல கார்த்தி, நீங்க எடுத்தது வேற கோணம். நிக்கற கூம்ப பக்கத்துல இருந்து பாத்தா தெரியற கோணம் அந்த 47. நீங்க வெட்ட வேண்டியது தட்டையா விரிச்ச அட்டையோட கோணம். அட்டையோட வில் சுத்தி வந்து அடி வட்டமா ஆகணும், 2π × 12 = 75.4 செ.மீ. அத 30 ஆல வகுத்தா 2.513 ரேடியன், டிகிரில 144. நேரா 12/30 × 360 னு போட்டாலும் அதேதான் வரும்.

கார்த்தி:
ஆஹா, அதான் பாதிகூட வரல! மேல பல்பு போக ஓட்டை வேணும் டீச்சர், அங்க ஆரம் 4.

அகிலா டீச்சர்:
அதே 144 தான், உள்ள 10 செ.மீ ஆரத்துல இன்னொரு வில் போட்டு வெட்டிடுங்க. 4/10 உம் 12/30 உம் ஒண்ணுதானே.

ரகு:
ஒட்டறதுக்கும் இடம் விடணும்ல, 1 செ.மீ க்கு 1/30 ரேடியன், சுமார் 2 டிகிரி, 146 ஆ வெட்டிடுங்க ப்ரோ.

மூர்த்தி:
ரகு, இப்ப கணக்கு சரி, ஆனா கோணமா சேத்தா வெளி விளிம்புலதான் 1 செ.மீ கெடைக்கும், 10 செ.மீ ஆரத்துல வர்ற உள்விளிம்புல மூணுல ஒரு பங்குதான். நானா இருந்தா 144 லயே நிறுத்தி, ஓரத்துக்கு இணையா 1 செ.மீ பட்டை தனியா விடுவேன்.

செல்வி:
பட்டையா விட்டா மேல ஓட்டைகிட்ட அட்ட தடிச்சு வளைய மாட்டேங்குது சார், நான் கோணமா விட்டுதான் ஒட்டியிருக்கேன், நல்லாதான் நிக்குது. கார்த்தி ரெண்டையும் பழைய பேப்பர்ல வெட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.