36 டிரேடில் ரூ.18,000 லாபம்: உத்தியா, அதிர்ஷ்டமா?

சேலத்துக்காரன்: வணக்கம். நிஃப்டி 50 பங்குகளில், காலை முதல் அரை மணி நேரத்தின் உச்சவிலையைத் தாண்டினால் வாங்கி, அன்றே விற்றுவிடுகிறேன். ஒரு டிரேடுக்கு ஸ்டாப்லாஸ் ரூ.2,000. இதுவரை 36 டிரேடுகளில் 21 லாபம். தரகும் வரியும் போக ரூ.18,000 கையில் நிற்கிறது. தொகையை மூன்று மடங்காக்கலாமா?

வைகைக்கரை: புள்ளியியலில் 30 மாதிரி போதும் என்பார்கள். 58 சதவீத வெற்றி. தயங்காமல் கூட்டுங்கள்.

கணக்கர்: அந்த 30-ஐ வைத்துப் பிழை சிறியதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நாணயத்தை 36 முறை சுண்டினாலும் 21 அல்லது அதற்கு மேல் தலை விழ ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டு ரூபாயைப் பாருங்கள். லாப நஷ்டம் C பத்தியில் இருந்தால்:

```
=AVERAGE(C2:C37)
=STDEV.S(C2:C37)/SQRT(36)
```

சேலத்துக்காரன்: சராசரி 500, இரண்டாவது 467 என்று வருகிறது ஐயா.

கணக்கர்: இரண்டாவது எண்ணை இரட்டித்து, சராசரியோடு கூட்டியும் கழித்தும் பாருங்கள். உண்மையான சராசரி ஒரு டிரேடுக்கு ரூ.430 நஷ்டம் முதல் ரூ.1,430 லாபம் வரை எங்கும் இருக்கலாம். இதே சராசரியும் இதே ஏற்ற இறக்கமும் தொடர்ந்தால், இந்த வீச்சில் நஷ்டப் பகுதி இல்லாமல் போக ஏறத்தாழ 125 டிரேடுகள் வேண்டும். மிகப் பெரிய இரண்டு லாபங்கள் எவ்வளவு?

சேலத்துக்காரன்: 10,000, 8,000.

கணக்கர்: அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் பூஜ்யம். அதனாலேயே உத்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். போக்கைப் பிடிக்கும் உத்திகளில் சில பெரிய லாபங்கள்தான் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அத்தகைய டிரேடு எத்தனைக்கு ஒருமுறை வரும் என்பதை இரண்டே உதாரணங்களிலிருந்து கணிக்க இயலாது.

கோவை ஆப்ஷன்: நான் வாரந்தோறும் ஆப்ஷன் விற்கிறேன். 42-ல் 40 வெற்றி. அப்படியானால் என் உத்தி உறுதியானதுதானே?

கணக்கர்: உங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. நஷ்டம் அரிதாக, பெரிதாக வரும் வியாபாரம் அது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. அப்படியொரு நாள் உங்கள் பதிவில் இல்லையென்றால், 40 வெற்றியும் அந்த ஆபத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சேலத்தாரே, இந்த விதியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

சேலத்துக்காரன்: முதலில் 15 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் என்று பலவற்றை இதே நாட்களில் ஒப்பிட்டேன். அரை மணி நேரம்தான் நன்றாக வந்தது.

கணக்கர்: அப்படியானால் இந்த 36-ஐச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பலவற்றில் சிறந்ததைப் பொறுக்கினால் எதுவுமே பலிக்காத இடத்திலும் ஒன்று நன்றாகத் தெரியும். விதியை இப்போதே எழுதி வைத்து, பழைய தொகையிலேயே புதிதாக எண்ணத் தொடங்குங்கள்.

வைகைக்கரை: பழைய ஆண்டுகளின் விலைத் தரவில் சோதித்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கிடைக்குமே?

கணக்கர்: கிடைக்கும், செய்வது நல்லது. ஆனால் இன்றைய நிஃப்டி 50 பட்டியலைப் பழைய ஆண்டுகளுக்குப் பொருத்தினால் நன்றாக ஏறிய பங்குகள்தான் உள்ளே இருக்கும். அந்தந்தக் காலத்துப் பட்டியல் வேண்டும். வாங்கும் விலை நழுவுவதையும் சேர்க்க வேண்டும்.

சேலத்துக்காரன்: ஒரே காலையில் மூன்று வங்கிப் பங்குகள் சேர்ந்து உச்சவிலையைத் தாண்டினால் அதை மூன்றாக எண்ணலாமா?

கணக்கர்: கூடாது. அன்றைய மொத்தத்தை ஒரு வரியாகப் போட்டு, 36-க்குப் பதில் நாட்களின் எண்ணிக்கையை வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி செய்யுங்கள்.