திருப்பி எடுக்கும் நிபந்தனையில் அனுப்பிய சாறிகள்: மொத்த இலாபம் 20% வரவேண்டும், 21.6% வருகிறது. எங்கே பிழை?

மருதமுனைப் பிள்ளை (கேள்வி)

வாப்பாவின் கைத்தறி வியாபாரத்துக்கு 2025 மார்ச் 31 வரையான கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் எல்லாச் சாறிக்கும் கிரயத்தில் 25% வைத்துத்தான் விற்கிறோம். ஒரு சாறியின் கிரயம் 6,000, விலை 7,500. அப்படியென்றால் மொத்த இலாபம் விற்பனையில் 20% ஆக இருக்கவேண்டும். ஆனால் விற்பனை 3,700,000, மொத்த இலாபம் 800,000 என்று வருகிறது. அதாவது 21.6%.

நாங்கள் சில கடைகளுக்கு, 30 நாளுக்குள் விற்காததைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் கொடுப்பது வழக்கம். சாமான் லொறியில் ஏறும்போதே பில் போட்டு விற்பனையாகப் பதிந்துவிடுவோம். வருட முடிவில் நிலவரம் இதுதான்:

மட்டக்களப்பு டவுன் கடைக்குச் சித்திரைப் புத்தாண்டுக்காக மார்ச் 12இல் 40 சாறி போனது. கல்முனைக் கடைக்குப் பெருநாளுக்காக பெப்ரவரி 20இல் 20 சாறி போனது, இன்னும் ஒரு தகவலும் இல்லை. அக்கரைப்பற்றுக் கடை 30 எடுத்து 20க்குக் காசு தந்துவிட்டது. மீதி 10ஐயும் வேண்டாம் என்று மார்ச் 29இல் போனில் சொன்னார்கள்.

இதில் எதைத் திருத்தினால் 20% வரும்?

கணக்கு மாணவன்

இது பரீட்சையில் வரும் கேள்விதான். கடை இன்னும் ஏற்காத சாமான் உங்கள் இருப்பு. விற்பனையையும் வருமதியாளரையும் விற்பனை விலையில் குறைத்து, இறுதி இருப்பில் கிரயத்தைக் கூட்டுங்கள். மட்டக்களப்புக் கடை மார்ச் 31 வரை எத்தனை விற்றது? அதைக் கழித்து மிச்சத்துக்குச் செய்யுங்கள். இலாபம் 25% என்பதால் கிரயம் விற்பனை விலையில் 75%.

மருதமுனைப் பிள்ளை

கேட்டுப் பார்த்தேன். ஏப்ரல் 5ஆம் திகதி வாட்ஸ்அப்பில் "22 போய்விட்டது" என்று அனுப்பியிருந்தார்கள். அதில் மார்ச் 31க்கு முன் விற்றது 16 என்று அவர்களின் பில்லைப் பார்த்துச் சொன்னார்கள். அதனால் 24 சாறிக்கு 180,000 ரூபாயை விற்பனையில் குறைத்தேன், இருப்பில் 135,000 கூட்டினேன். இப்போது 21.4%. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது!

பாண்டிருப்பு ராசன்

தங்கச்சி, இதற்கெல்லாம் உட்திரும்பல் கணக்கு இருக்கிறதே. வந்த சாறியை அதில் போட்டால் வேலை முடிந்தது. நாங்கள் சீமெந்துப் பை திரும்பி வந்தால் அப்படித்தான் செய்கிறோம்.

கணக்கு மாணவன்

அண்ணன், அது விற்று முடிந்தபின் திரும்புவது. இங்கே 24 சாறி இன்னும் கடையிலேதான் இருக்கிறது, திரும்பவும் இல்லை.

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், களுவாஞ்சிகுடி

மகள், முதலில் அந்த 135,000. கிரயத்தின் மேல் 25% வைத்தால் அது விற்பனை விலையில் 20% தான். 7,500ஐ 1.25ஆல் வகுத்தால் 6,000 வரும், 75% போட்டால் 5,625 வரும். அந்த விலையில் நீங்கள் ஒரு சாறிகூட நெய்யவில்லை. 24 சாறிக்குக் கூட்டவேண்டியது 144,000.

ஆனால் அதைத் திருத்தினாலும் உங்கள் வீதம் சரிவராது. இன்னும் கொஞ்சம் ஏறி 21.7% ஆகும். காரணம் இதுதான்: மட்டக்களப்புச் சாறிகள் உங்கள் வீதத்தைக் கெடுக்கவே இல்லை. விற்காததை விற்றதாக எழுதினீர்கள், அதே சாறியை இருப்பில் சேர்க்காமலும் விட்டுவிட்டீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிழைத்தால் 7,500க்கு 1,500 இலாபம் என்ற கணக்கு அப்படியே நிற்கும். ஆகவே அந்தத் திருத்தம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் இலாபம் 36,000 கூடிக் காட்டும். ஆனால் 20%ஐ வைத்து அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. வீதம் ஏறுகிறது என்றால் ஏதோ ஒரு சாமான் விற்பனையிலும் இருக்கிறது, இருப்பிலும் இருக்கிறது.

இருப்பை எந்தத் திகதியில் எண்ணினீர்கள்?

மருதமுனைப் பிள்ளை

மார்ச் 31 நோன்புப் பெருநாள் சேர். அதனால் ஏப்ரல் 3இல்தான் எண்ணினோம். இடையில் ஒன்றும் விற்கவில்லை, தறியும் ஓடவில்லை. அக்கரைப்பற்றுப் பார்சல் மட்டும் 2ஆம் திகதி வந்தது.

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், களுவாஞ்சிகுடி

அந்தப் பார்சலைப் பிரித்து அலுமாரியில் அடுக்கிவிட்டுத்தானே எண்ணினீர்கள்? திரும்பி வந்ததற்கான சீட்டை ஏப்ரல் திகதியில் போட்டிருப்பீர்கள். அதனால் 10 சாறியின் 75,000 ரூபாய் மார்ச் விற்பனையில் அப்படியே கிடக்கிறது, அவற்றின் கிரயம் 60,000 எண்ணிய இருப்பிலும் ஏறிவிட்டது. உங்கள் 1.6% அதுதான். முதலில் வந்த 800,000இலிருந்து 60,000ஐக் கழித்துப் பாருங்கள். 740,000 வரும், 3,700,000இல் சரியாக 20%.

அக்கரைப்பற்றுக்காரர் மார்ச் 29இலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றே அது விற்பனை இல்லை. சாறி 31ஆம் திகதி லொறியில் இருந்தாலும் அவருடைய கடையில் இருந்தாலும் உங்களுடையதுதான். எனவே விற்பனையிலும் வருமதியாளரிலும் 75,000 குறையுங்கள். இருப்பில் எதையும் கூட்டாதீர்கள், அது ஏற்கெனவே எண்ணுத்தாளில் இருக்கிறது. பாடப்புத்தகப் பழக்கத்தில் இங்கேயும் 60,000 கூட்டினால் மறுபடி அதே நோய்தான்.

நான் வேலை செய்த காலத்தில் இந்தச் சாமான்களுக்கு எப்போதும் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்பேன். மார்ச் 31இல் கடைக்காரர் அதை ஏற்றிருந்தாரா? அது எண்ணுத்தாளில் இருக்கிறதா? முதலாவது விற்பனையைத் தீர்மானிக்கும், இரண்டாவது இருப்பில் கூட்டுவதா இல்லையா என்பதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

மருதமுனைப் பிள்ளை

போட்டுப் பார்த்தேன் சேர். விற்பனை 3,445,000, மொத்த இலாபம் 689,000. சரியாக 20%! முதலில் வந்ததைவிட இலாபம் 111,000 குறைந்துவிட்டது. வாப்பாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொன்று. மட்டக்களப்புக் கடை 16 விற்றதை எனக்குச் சொன்னது ஏப்ரலில். அப்படியென்றால் 40ஐயும் அல்லவா குறைக்கவேண்டும்?

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், களுவாஞ்சிகுடி

111,000இல் 51,000 இன்னும் சம்பாதிக்காத இலாபம், 34 சாறிக்கு 1,500 வீதம். மிச்சம் 60,000 இரண்டு தடவை எண்ணியது. அது ஒருபோதும் உங்கள் காசாக இருந்ததில்லை என்று வாப்பாவுக்குச் சொல்லுங்கள்.

16 சாறி மார்ச்சின் விற்பனைதான். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்வது, வாங்குபவர் ஏற்கிறேன் என்று சொன்னாலும் சரி, ஏற்றவர்போல் நடந்தாலும் சரி, பொருள் அவருடையதாகிவிடும் என்பதே. கடைக்காரர் ஒரு சாறியைத் தன் வாடிக்கையாளருக்கு விற்ற அந்த நிமிடமே அதை ஏற்றுவிட்டார். 1897இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு, இப்படி எடுத்த நகையை ஒருவர் அடகு வைத்துவிட்டார். அடகு வைத்ததே ஏற்றதாகும் என்று தீர்ப்பானது. உங்களுக்குத் தகவல் பிந்தி வந்தது வேறு விஷயம். ஆனால் அவர்களின் பில் திகதிகளை ஒரு படம் எடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வாய்ப்பேச்சு போதாது.

ஏப்ரலில் விற்ற 6ஐப் புதிய வருடத்தில் மறுபடி விற்பனையாகப் பதிய மறக்கவேண்டாம். மார்ச் பில்லை ரத்து செய்துவிட்டதால் அது தானாக வராது. ஐயக்கடன் ஏற்பாடு போடுவதென்றால் குறைத்த பிறகு வரும் வருமதியாளர் மீதியில் போடுங்கள்.

காத்தான்குடிப் புடவைக் கடை

நான் மறுபக்கத்து ஆள். என் கடையில் இப்படி வந்த சாறிகளையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு வருடமும் இருப்பு எண்ணுகிறோம், ராக்கையில் எல்லாம் ஒன்றாகத்தானே கிடக்கிறது. அது பிழையா?

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், களுவாஞ்சிகுடி

கொள்வனவாகப் பதியாமல் எண்ணினால் பிழைதான் தம்பி, இலாபம் சும்மா ஏறும். ஏற்காத சாமான் எண்ணுத்தாளில் வரக்கூடாது. வேறு நிறத்தில் ஒரு சிட்டை கட்டித் தனியாக அடுக்குங்கள். ஆனால் தவணை தாண்டியும் திருப்பாமல் வைத்திருப்பது உங்களுடையது. அதைக் கொள்வனவாகவும் கடனாகவும் எழுதி, பிறகு எண்ணுங்கள்.

மருதமுனைப் பிள்ளை

அப்போ கல்முனை? மார்ச் 22உடன் 30 நாள் முடிந்துவிட்டது. 20 சாறியும் 150,000 ரூபாய் விற்பனையாகவே இருக்கட்டுமா? ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தக் கடை ஒவ்வொரு பெருநாளுக்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் திருப்பும். வாப்பாவும் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொள்வார்.

கணக்கு மாணவன்

தவணை முடிந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆகவே விற்பனை. அதே சட்டத்தில் அதுவும் இருக்கிறது. திருத்தம் எதுவும் வேண்டாம். வாப்பா எடுப்பது அவருடைய தயவு.

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், களுவாஞ்சிகுடி

தம்பி சொல்வது பில்லில் எழுதியபடி சரி. எனக்கு மனம் ஒப்பவில்லை. வருடாவருடம் பிந்தித் திருப்புவதும் அதை வாங்கிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டால், அந்த 30 நாள் வெறும் மையாக இருக்கிறது. நான் கணக்காய்வு செய்திருந்தால் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிடுவேன்.

கணக்கு மாணவன்

அப்படியானால் எழுதிய தவணைக்கு என்ன மதிப்பு சேர்? நாளைக்கு அந்தக் கடை காசு தர மறுத்தால், கணக்கில் இது எங்கள் சாமான் என்று எழுதிவிட்டு எப்படி வழக்குப் பேசுவது?

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், களுவாஞ்சிகுடி

அதுவும் நியாயம்தான். எந்தப் பக்கம் போனாலும் வீதம் 20%ஆகவே நிற்கும், அது உங்களுக்கு வழிகாட்டாது. கல்முனைக் கடையிடம் ஒரு கடிதம் கேளுங்கள் மகள்: மார்ச் 31இல் எத்தனை சாறி கையில், எத்தனைக்குக் காசு தரவேண்டும் என்று. காசு தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் விற்பனை. "வைத்திருக்கிறோம், பார்ப்போம்" என்று எழுதினால் 150,000ஐக் குறைத்து 120,000ஐ இருப்பில் கூட்டுங்கள்.

மருதமுனைப் பிள்ளை

கடிதம் கேட்டால் அடுத்த பெருநாளுக்கு வேறு ஆளிடம் எடுப்பார்கள் என்று வாப்பா பயப்படுகிறார். நவம்பர் 30க்குள் வருமான வரி அறிக்கையும் போகவேண்டும். நேரில் போய் எண்ணிவிட்டு வரவா என்று யோசிக்கிறேன்.

காத்தான்குடிப் புடவைக் கடை

நேரில் போங்கள். கடிதம் கேட்டால் எனக்கும் கோபம் வரும், எண்ண வந்தால் டீ கொடுப்போம்.